அலுமினியத் தகடுகளை உருக்காமல் இணைத்தல்: உராய்வுக் கிளறல் பற்றவைப்பு குறித்த இறுதியாண்டுச் செயல்திட்ட அறிக்கையின் முதல் இயல்

1.1 இந்தச் செயல்திட்டத்தை ஏன் எடுத்தோம்

ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள 6061-டி6 அலுமினியத் தகடுகள் இரண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து, கல்லூரிப் பட்டறையில் உள்ள செங்குத்து மில்லிங் இயந்திரத்தைக் கொண்டு உராய்வுக் கிளறல் முறையில் பற்றவைப்பதே எங்கள் நால்வர் குழு மேற்கொண்ட செயல்திட்டம். பட்டறையிலும் வகுப்பிலும் இம்முறையை ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் என்றே சொல்கிறார்கள். இந்த இயலில் அம்முறை எதைச் செய்கிறது, வழக்கமான வில் பற்றவைப்பைவிட எந்த இடத்தில் மேலானது, எந்த இடத்தில் அப்படிச் சொல்ல முடியாது என்பவற்றை எழுதியுள்ளோம். முதன்மைச் சோதனைகளைத் தொடங்குமுன் நாங்கள் போட்டுப் பார்த்த மூன்று ஒத்திகை இணைப்புகளும் இந்த இயலிலேயே இடம்பெறுகின்றன. அவற்றில் முதல் இரண்டும் தவறிப்போனவை. அவை ஏன் தவறின என்று கண்டுபிடித்தபோதுதான் இம்முறை எங்களுக்கு உண்மையில் விளங்கியது என்பதால், அவற்றைப் பிற்சேர்க்கைக்குத் தள்ளாமல் முன்னாலேயே வைத்திருக்கிறோம்.

1.2 அலுமினியத்தை உருக்கினால் என்ன ஆகிறது

இரும்பு பற்றவைக்கத் தெரிந்த ஒருவர் முதன்முதலாக அலுமினியத்தில் கைவைக்கும்போது தடுமாறுவதற்கு முதற்காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள ஆக்சைடு படலம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக ஏறத்தாழ 2070 டிகிரி வேண்டும். ஆகவே அடியில் உலோகம் குளமாகத் தேங்கிய பிறகும் மேலே இந்தத் தோல் உருகாமல் மிதக்கிறது, இரண்டு குளங்களும் ஒன்று சேர விடாமல் தடுக்கிறது. டிக் முறையில் மாறுதிசை மின்னோட்டத்தைப் பயன்படுத்துவதே மின்முனை நேர்மின்னாக இருக்கும் அரைச்சுற்றில் இந்தப் படலம் உடைந்து விலகும் என்பதற்காகத்தான்.

படலத்தைத் தாண்டினாலும் சிக்கல் தீர்வதில்லை. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறையக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறைந்ததும் அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் வைத்திருக்க முடியும். மிச்சம் வெளியேற வழியில்லாமல் குமிழிகளாக உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. தகட்டில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு, காற்றின் ஈரம், நிரப்புக் கம்பியின் மேல் படிந்த ஈரப்பசை என்று ஹைட்ரஜன் எங்கிருந்தும் வரலாம். உடைந்த முகத்தில் ஊசி குத்தியது போலத் தெரியும் சின்னஞ்சிறு உருண்டைத் துளைகள் இவ்வாறு உண்டானவை.

6061 கலவைக்கு இவற்றோடு வெடிப்பு என்ற தனிப்பட்ட குறையும் உண்டு. இதில் மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்திருப்பதால் இது ஒரே வெப்பநிலையில் உறைவதில்லை. 652 டிகிரியில் உறையத் தொடங்கி 582 டிகிரியில்தான் முழுமையாகத் திண்மமாகிறது. இந்த 70 டிகிரி இடைவெளியில் படிகமணிகளுக்கு நடுவே மெல்லிய திரவப் படலம் நின்றுகொண்டிருக்க, உறையும் உலோகமோ தன் கன அளவில் ஆறு விழுக்காடு அளவுக்குச் சுருங்குகிறது. தகடுகள் இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால் அந்தச் சுருக்கத்துக்கு உலோகம் இடம்கொடுக்க முடியாமல், வலுவற்ற திரவப் படலத்தின் வழியாகக் கிழிகிறது. இதைத் தவிர்க்கவே ஐந்து விழுக்காடு சிலிக்கான் கொண்ட 4043 அல்லது ஐந்து விழுக்காடு மக்னீசியம் கொண்ட 5356 கம்பியை நிரப்பி, குளத்தின் கலவையையே மாற்றிவிடுகிறார்கள். நிரப்புக் கம்பி இல்லாமல் 6061 தகடுகளை டிக் முறையில் ஓட்டிப் பார்த்தால் கோட்டின் நடுவே நீளவாக்கில் வெடிப்பு ஓடுவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். விமானங்களில் பயன்படும் 2024, 7075 போன்ற கலவைகளில் இந்தக் குணம் இன்னும் கடுமையானது. அவற்றை வில் முறையில் நம்பகமாகப் பற்றவைக்க முடியாது என்றே நெடுங்காலம் ஒதுக்கி, தறையாணி அடித்து இணைத்துவந்தார்கள்.

மேலே சொன்னவற்றில் குமிழியும் வெடிப்பும் உலோகம் திரவமாகி மீண்டும் உறைவதால் மட்டுமே வருபவை. உருகவே விடாவிட்டால் அவை இரண்டும் பிறக்கவே இடமில்லை. உராய்வுக் கிளறல் முறையின் ஆதாரமான நன்மை இதுதான் என்பதே எங்கள் கருத்து. மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

1.3 முறை எப்படி இயங்குகிறது

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் வெய்ன் தாமஸும் உடன் பணியாற்றியவர்களும் இம்முறையை உருவாக்கி, 1991 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1999-இல் இவ்வாறு பற்றவைத்த எரிபொருள் தொட்டியுடன் டெல்டா 2 ஏவூர்தி பறந்தது. தமிழ்நாட்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உலோக இணைப்பு ஆய்வு மையம் இத்துறையில் நீண்ட காலமாக ஆய்வு செய்துவருகிறது.

கருவி பார்ப்பதற்கு மிக எளியது. எச்13 என்னும் சூட்டு வேலை எஃகில் கடைந்த ஓர் உருளை. அதன் அடிமுகத்துக்குத் தோள் என்று பெயர். தோளின் நடுவிலிருந்து ஒரு சிறு முளை நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கருவியில் தோளின் விட்டம் 15 மி.மீ., முளையின் விட்டம் தோளருகே 5 மி.மீ., நுனியில் 4 மி.மீ., நீளம் 4.7 மி.மீ. முளையின் மேல் மரை வெட்டப்பட்டுள்ளது. தகடுகளை ஓர் எஃகு அடித்தகட்டின் மேல் ஒட்டவைத்து, பக்கவாட்டிலும் மேலிருந்தும் கிளாம்ப் போட்டு அசையாமல் பிடிக்கிறோம். சுழலும் முளையை இரு தகடுகளும் சந்திக்கும் கோட்டில் மெதுவாக இறக்குகிறோம். தோள் மேற்பரப்பைத் தொட்டதும் இருபது விநாடி அங்கேயே நிறுத்தி உலோகத்தைச் சூடேற விட்டு, அதன்பின் மேசையை ஓட்டத் தொடங்குகிறோம்.

உராய்வாலும், உலோகம் கிளறப்படும்போது அதனுள்ளேயே எழும் வெப்பத்தாலும், கருவியைச் சுற்றியுள்ள பகுதி 400 முதல் 500 டிகிரி வரை சூடாகிறது. அந்த வெப்பத்தில் 6061 உருகுவதில்லை, ஆனால் பிசைந்த மாவு போல இளகிவிடுகிறது. முளையின் முன்னால் உள்ள இளகிய உலோகம் அதன் பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போய்ச் சேர்கிறது. தோள் மேலிருந்து மூடி அழுத்துவதால் அது வெளியே வழியாமல் அங்கேயே இறுகுகிறது. கருவியின் சுழற்சியும் ஓட்டமும் ஒரே திசையில் அமையும் பக்கத்தை முன்னேறும் பக்கம் என்றும், எதிரெதிராக அமையும் பக்கத்தைப் பின்வாங்கும் பக்கம் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பாகுபாடு வெறும் பெயருக்கானதல்ல. உலோகம் பெரும்பாலும் பின்வாங்கும் பக்கமாகவே சுற்றிச் செல்வதால், நிரம்பாமல் எஞ்சும் பள்ளம் எப்போதும் முன்னேறும் பக்கத்திலேயே விழுகிறது. அறுத்துப் பார்க்கும்போது துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கொண்டே கருவி எந்தத் திசையில் சுழன்றது என்று சொல்லிவிடலாம்.

ஆக்சைடு படலத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இம்முறையில் ஆக்சைடு ஒரு பொருட்டே இல்லை என்று பல அறிக்கைகளில் எழுதியிருப்பதைப் படித்தோம்; அது பாதிதான் சரி. படலம் மறைந்துவிடுவதில்லை. கிளறலில் நொறுங்கிப் பரவுகிறது, அவ்வளவுதான். கிளறல் போதாத இடத்தில், குறிப்பாக அடிப்பகுதியில், அது நெளிந்த ஒரு கோடாக அப்படியே நின்றுவிடும். தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. எனவே நிரப்புக் கம்பியும் ஆர்கான் வாயுவும் தேவையில்லை என்ற நன்மையை ஏற்றுக்கொண்டாலும், விளிம்புகளை அரத்தால் சீவி, துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் தேய்த்து, அசிட்டோனால் துடைக்கும் வேலையை நாங்கள் கைவிடவில்லை.

1.4 முதல் ஒத்திகை: மரையின் திசை

முதல் இணைப்பை நிமிடத்துக்கு 1120 சுற்று, 50 மி.மீ. ஓட்டம் என்ற அளவில் போட்டோம். ஸ்பிண்டில் தலையை 2 டிகிரி பின்சாய்த்து, அதாவது தோளின் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு வைத்திருந்தோம். கருவி ஓடத் தொடங்கியதுமே தோளின் இருபுறமும் உலோகம் சுருள் சுருளாக வெளியேறியது. கொஞ்சம் பிசிறு எப்போதும் இருக்கும் என்று படித்திருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் முடித்துவிட்டோம். மேற்பரப்பில் அரைவட்டக் கோடுகள் அழகாகவே விழுந்திருந்தன. ஆனால் குறுக்கே அறுத்து, மணல் தாளில் தேய்த்துப் பார்த்தபோது, முன்னேறும் பக்கத்தில் அடியிலிருந்து ஒரு மி.மீ. உயரத்தில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. வேறு இரண்டு இடங்களில் அறுத்தாலும் அதே இடத்தில் அதே துளை. அதாவது அது தனித்தனிக் குழிகள் அல்ல, கோட்டின் நீளம் முழுவதும் ஓடும் சுரங்கம்.

வெப்பம் போதவில்லை என்பதே எங்கள் முதல் ஊகம். வழிகாட்டி ஐயா கருவியைக் கையில் வாங்கி, முளையைக் கொஞ்ச நேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல எந்தக் கை மரை வெட்டியிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். வெளியே கடைசல் பட்டறையில் கொடுத்தபோது நாங்கள் மரையின் திசையைப் படத்தில் குறிக்கவில்லை. குறிக்காவிட்டால் எந்தக் கடைசல்காரரும் வலக்கை மரைதான் வெட்டுவார். மேலிருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் சுழலும் வலக்கை மரை, தான் இறங்க முடியாதபடி பிடிக்கப்பட்டிருந்தால், தன்னைச் சுற்றியுள்ள பொருளை மேலே ஏற்றும். போல்ட்டை அசையவிடாமல் பிடித்து வலப்பக்கம் திருகினால் நட்டு தலையை நோக்கி ஏறிவருவதைப் போன்றது இது. எங்கள் முளை, அடியில் இருக்க வேண்டிய உலோகத்தை அள்ளித் தோளுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வெளியேறிய பிசிறும் உள்ளே விழுந்த சுரங்கமும் இரண்டு குறைகளல்ல. ஒரே உலோகக் கணக்கின் வரவும் செலவும்.

கடிகாரத் திசைச் சுழற்சிக்கு இடக்கை மரை வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. புதுக் கருவி கடைந்து, மீண்டும் கடினப்படுத்துவதற்குப் பதிலாக, மில்லிங் இயந்திரத்தின் சுழற்சித் திசையை மாற்றும் சுவிட்சைத் திருப்பி, கருவியை எதிர்த்திசையில் ஓட்டுவது என்று முடிவுசெய்தோம். கருவிப் பிடிப்பான் இழுவைப் போல்ட்டாலும் சாவிக் கட்டைகளாலும் பிடிக்கப்பட்டிருந்ததால் எதிர்ச்சுழற்சியில் கழன்றுவிடும் ஆபத்து இல்லை. திருகு மரையால் மட்டும் பிடிக்கும் பிடிப்பானாக இருந்திருந்தால் இதைச் செய்திருக்கக் கூடாது.

1.5 இரண்டாம் ஒத்திகை: அடியில் எஞ்சிய கோடு

திசையை மாற்றிப் போட்ட இரண்டாவது இணைப்பில் பிசிறு மிகவும் குறைந்தது. அறுத்துப் பார்த்ததில் சுரங்கமும் இல்லை. இருந்தும் அடிப்பக்கம் வெளியே வருமாறு வளைத்துச் சோதித்தபோது, முப்பது டிகிரிகூட வளையுமுன் கோட்டின் வழியே பிளந்துகொண்டது. மேல்பக்கம் வெளியே வருமாறு வளைத்த துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே இணைப்பின் இரு முகங்களும் இப்படி வேறுபட்டால், முளை அடிவரை எட்டவில்லை என்பதே பொருள்.

தகடு 5 மி.மீ., முளை 4.7 மி.மீ., மிச்சம் 0.3 மி.மீ., அதையும் கிளறலின் வேகம் சேர்த்து இழுத்துவிடும் என்று நாங்கள் போட்டிருந்த கணக்கில், சாய்வை விட்டுவிட்டோம். 2 டிகிரி சாய்ந்த 15 மி.மீ. தோளின் பின்விளிம்பு அதன் மையத்தைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்றால்:

```
7.5 × sin 2° = 0.26 mm
```

நாங்கள் பின்விளிம்பை 0.15 மி.மீ. மட்டுமே தகட்டுக்குள் இறக்கியிருந்தோம். அப்படியானால் தோளின் மையம் தகட்டுக்குள் இறங்கவே இல்லை, மேற்பரப்புக்கு 0.11 மி.மீ. மேலே நின்றது. முளையின் நுனி மையம் எட்டிய ஆழம் 4.59 மி.மீ. நுனியின் பின்விளிம்பும் சாய்வினால் 0.07 மி.மீ. கூடுதலாக இறங்கியிருக்கும் என்று சேர்த்துக்கொண்டாலும் 4.66 மி.மீ.தான். அடியில் 0.34 மி.மீ. தொடப்படாமல் இருந்திருக்கிறது. முளைக்குக் கீழே சற்று ஆழம்வரை உலோகம் இழுபடும் என்றாலும் அவ்வளவையும் அது மூடவில்லை.

முளையை நீட்ட முடியாது. ஆனால் தோளைக் குறைக்கலாம். தோள் முகத்தை 0.15 மி.மீ. தேய்த்தெடுத்ததும் முளையின் நீளம் 4.85 மி.மீ. ஆகிவிட்டது. பின்விளிம்பின் இறக்கத்தையும் 0.25 மி.மீ. ஆக்கினோம். இப்போது நுனியின் தாழ்ந்த விளிம்பு 4.91 மி.மீ. வரை எட்டுகிறது. இதற்கு மேல் போக நாங்கள் துணியவில்லை. மைக்ரோமீட்டரில் அளந்தபோது தகட்டின் தடிமன் சில இடங்களில் 4.96 மி.மீ. ஆக இருந்தது, அங்கே அடித்தகட்டுக்கும் முளைக்கும் நடுவே 0.05 மி.மீ. மட்டுமே இடைவெளி. முளை எஃகு அடித்தகட்டை உரசினால் நுனி தேயும், தகடும் அடித்தகட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது இணைப்பின் இரண்டு வளைவுச் சோதனைத் துண்டுகளும் பிளக்காமல் வளைந்தன. முகத்தைப் பளபளப்பாகத் தேய்த்து கெல்லர் கரைசலில் அரித்துப் பார்த்ததில், நடுவே வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் வளையங்கள் தெரிந்தன. கருவி ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவே இந்த அடுக்குகளின் இடைவெளி என்று சொல்லப்படுகிறது. எங்கள் கணக்கில் அது 50 ÷ 1120, அதாவது 0.045 மி.மீ. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மெல்லிய உலோகத் தகடு பின்னால் கொண்டுபோய் அடுக்கப்படுகிறது என்று இம்முறையை நினைத்துக்கொண்டால், வேகத்தையும் ஓட்டத்தையும் மாற்றும்போது என்ன நிகழும் என்பதை ஊகிப்பது எளிதாகிறது.

1.6 குறைந்த வெப்பம் என்ற கூற்று

இம்முறையின் நன்மைகளைப் பட்டியலிடும் ஏறத்தாழ எல்லா மாணவர் அறிக்கைகளிலும் குறைந்த வெப்ப உள்ளீடு என்ற வரி தவறாமல் இருக்கிறது. எங்கள் முதல் வரைவிலும் இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தபின் அதை நீக்கிவிட்டோம். கருவி தரும் வெப்பத்தைக் கணக்கிட வழக்கமாகப் பயன்படும் எளிய சூத்திரம் இது:

```
Q = (2/3) π τ ω (R³ + 3 r² h)
```

இதில் R தோளின் ஆரம், r முளையின் ஆரம், h முளையின் நீளம், ω சுழற்சி வேகம், τ அந்த வெப்பநிலையில் உலோகம் வெட்டுக்குக் காட்டும் எதிர்ப்பு. R 7.5 மி.மீ., r 2.5 மி.மீ., h 4.7 மி.மீ. என்றும், 1120 சுற்றுக்கு ω விநாடிக்கு 117 ரேடியன் என்றும் எடுத்து, τ 15 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் Q ஏறத்தாழ 1.9 கிலோவாட் வருகிறது. அடைப்புக்குள் உள்ள இரு உறுப்புகளையும் ஒப்பிட்டால் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு தோளிலிருந்தே வருவது தெரிகிறது. முளை கிளறுவதற்கு, தோள் சூடாக்குவதற்கு என்று வேலை பிரிந்திருக்கிறது. தோளின் விட்டத்தை ஒரு மி.மீ. மாற்றினாலும் வெப்பம் பெரிதும் மாறும், ஏனென்றால் அது ஆரத்தின் முப்படியில் வருகிறது.

நிமிடத்துக்கு 50 மி.மீ. ஓட்டத்தில் 1.9 கிலோவாட் என்பது, கோட்டின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.2 கிலோஜூலுக்கு மேல். உலோகம் இளக இளக τ இறங்கும் என்பதால் உண்மையில் இதில் பாதிதான் என்று தாராளமாகக் குறைத்துக்கொண்டாலும் 1.1 கிலோஜூல் நிற்கிறது. இதே தகட்டை மிக் முறையில் 170 ஆம்பியர், 22 வோல்ட், நிமிடத்துக்கு 500 மி.மீ. என்று ஓட்டினால் வருவதோ மில்லிமீட்டருக்கு 0.45 கிலோஜூல். ஆக, மெதுவாக ஓடும் மில்லிங் இயந்திரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு நாங்கள் செலுத்தும் வெப்பம் வில் பற்றவைப்பைவிடக் குறைவு என்று சொல்லவே முடியாது. அதில் ஒரு பகுதி அடித்தகட்டுக்குள் போய்விடுகிறது என்பது உண்மை. உச்ச வெப்பநிலை உருகுநிலைக்குக் கீழே இருக்கிறது என்பதும் உண்மை. இம்முறைக்கு உரிய நன்மையாக நாங்கள் எழுதக்கூடியது இரண்டாவதை மட்டுமே.

இந்த வேறுபாடு சொல்விளையாட்டு அல்ல. 6061-டி6 தகட்டின் வலிமை, அதை 530 டிகிரியில் கரைசலாக்கிக் குளிர்வித்து, பின்னர் 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் வைத்து உண்டாக்கிய மிக நுண்ணிய மக்னீசியம்-சிலிக்கான் துகள்களில் இருக்கிறது. அத்துகள்கள் 250 டிகிரிக்கு மேல் பருத்து, தம் வேலையை இழக்கின்றன. கருவி தொடாத, ஆனால் அதன் சூடு எட்டிய பகுதி இதனால் மென்மையாகிறது. எவ்வளவு மெதுவாக ஓட்டுகிறோமோ அவ்வளவு நேரம் அந்தப் பகுதி சூட்டில் கிடக்கிறது. மூன்றாம் ஒத்திகையில் கோட்டிலிருந்து 12 மி.மீ. தள்ளி, அடியிலிருந்து துளையிட்டுப் பொருத்திய கே வகை வெப்பமின்னிரட்டை 330 டிகிரி வரை காட்டியது.

அதன் விளைவு கடினத்தன்மையில் தெரிந்தது. மூலத் தகட்டில் விக்கர்ஸ் எண் 106. கிளறிய நடுப்பகுதியில் 76. மிகக் குறைந்த 64 என்ற அளவு நடுவில் இல்லை, இரு பக்கமும் 11 மி.மீ. அளவு தள்ளி இருந்தது. இழுவைச் சோதனையில் மூன்று துண்டுகளும் அந்த மென்மையான பட்டையிலேயே, சாய்வாக, கழுத்துச் சுருங்கி அறுந்தன. சராசரி இழுவலிமை 207 மெகாபாஸ்கல். மூலத் தகட்டின் 308-இல் அது 67 விழுக்காடு. நிரப்புக் கம்பியுடன் வில் முறையில் பற்றவைத்த 6061-டி6 இணைப்புக்கு அமெரிக்க வெல்டிங் கழகத்தின் விதிநூல் கேட்கும் குறைந்தபட்ச வலிமை 165 மெகாபாஸ்கல் என்பதோடு ஒப்பிட்டால் எங்களுடையது நல்ல இணைப்புதான். ஆனால் தகட்டின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்பதை மறைப்பதற்கில்லை. இணைப்பு அறுந்த இடம் பற்றவைத்த கோடு அல்ல என்பது ஆறுதலான செய்தி. அறுந்ததற்குக் காரணம் பற்றவைப்புதான் என்பது அதன் மறுபக்கம்.

1.7 எஞ்சும் நன்மைகளும் கட்டுப்பாடுகளும்

வில்லின் ஒளி இல்லை, புகை இல்லை, சிதறல் இல்லை. இணைப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அருகில் நின்று வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறது. கருவியைச் சரியாக அமைத்துவிட்டால் வெல்டரின் கைத்திறனைப் பொறுத்து இணைப்பு மாறுவதில்லை. தகட்டின் வளைவும் குறைவு. எங்கள் 200 மி.மீ. நீள இணைப்பை மேசைத் தளத்தில் வைத்து இடைவெளி அளவியால் பார்த்ததில் ஓரத்தில் 0.4 மி.மீ. மட்டுமே தூக்கியிருந்தது. ஒரு பங்கு உலோகம் உறைந்து சுருங்காததாலும், மீதிக்கு எங்கள் கிளாம்ப்புகளின் இறுக்கத்தாலும் இது அமைந்தது என்று கருதுகிறோம்.

கட்டுப்பாடுகளில் முதலாவது விசை. இத்தடிமனுக்குக் கருவியைக் கீழ்நோக்கிப் பல ஆயிரம் நியூட்டன் விசையில் அழுத்த வேண்டும். மில்லிங் இயந்திரத்தின் ஸ்பிண்டில் தாங்கிகள் பக்கவாட்டு வெட்டுவிசைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை இப்படி நெடுநேரம் அழுத்துவது நல்லதல்ல என்று பட்டறைப் பொறுப்பாளர் முதல் நாளே எச்சரித்தார். அதனால் ஒரு நாளைக்கு மூன்று இணைப்புகளுக்கு மேல் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டோம். கிளாம்ப் தளர்ந்தால் இறங்கும் முளையே இரு தகடுகளையும் ஆப்பு போலப் பிளந்து தள்ளிவிடும். வளைந்த கோடுகளும் சிறு மூலைகளும் இந்த இயந்திரத்தில் ஆகாத காரியம்.

அடுத்தது, கருவியைத் தூக்கும் இடத்தில் முளையின் அளவுக்கு ஒரு துளை எஞ்சுவது. இதை நாங்கள் அடைக்க முயலவில்லை, வெட்டி எறிகிறோம். 200 மி.மீ. கோட்டில் கருவி இறங்கிச் சூடேறும் முதல் 30 மி.மீ., துளை விழும் கடைசி 30 மி.மீ. இரண்டையும் கழித்தால் 140 மி.மீ. கிடைக்கிறது. 20 மி.மீ. அகலத்தில் மூன்று இழுவைத் துண்டுகள், அதே அகலத்தில் இரண்டு வளைவுத் துண்டுகள், 10 மி.மீ. அகலத்தில் அரித்துப் பார்க்க ஒன்று, இவற்றுக்கிடையே ரம்பம் தின்னும் ஐந்து வெட்டுகளுக்கு மும்மூன்று மி.மீ. என்று மொத்தம் 125 மி.மீ. ஆகிறது.

இதன்படி ஒரு நிலைக்கு ஓர் இணைப்பு போதும். நிமிடத்துக்கு 710, 900, 1120 சுற்றுகள், ஒவ்வொன்றிலும் 31.5, 50, 80 மி.மீ. ஓட்டம்; ஆக ஒன்பது இணைப்புகள். ஒரு சுற்றுக்கான நகர்வு இவற்றில் 0.028 மி.மீ. முதல் 0.113 மி.மீ. வரை விரிகிறது. வேகமாக ஓட்டும் முனையில் மென்மைப் பட்டை குறுகும், ஆனால் சுரங்கம் திரும்பிவரும் என்றும், மெதுவான முனையில் அதற்கு நேர்மாறாக இருக்கும் என்றும் எதிர்பார்க்கிறோம். ஒன்பதுக்கும் வேண்டிய பதினெட்டுத் தகடுகளும் ஒரே பெரிய தகட்டிலிருந்து, உருட்டிய திசை பற்றவைக்கும் கோட்டுக்குக் குறுக்கே அமையுமாறு வெட்டி, எண் பொறித்து வைக்கப்பட்டுள்ளன. கருவி, பிடிப்பான், அடித்தகடு ஆகியவற்றின் அளவுப் படங்கள் அடுத்த இயலில் உள்ளன. அவற்றில் மரையின் திசை குறிக்கப்பட்டுள்ளது.